ஒரு பாக்கெட் முறுக்கு, 13 நிமிஷம்: டர்பன் வீட்டுத் தொழில் ஒன்றின் கணக்கு

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில். அவளும் என்னைப் போலக் கல்யாணம் ஆகித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள், என்னை அக்கா என்பாள். பையனுக்கு ஆறு வயது, 2025இல் கிரேடு ஆர் படித்தான், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு. பெண் குழந்தைக்கு இரண்டரை, அரை நாள் கிரெச்சுக்குப் போகிறது. வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, அதனால் அவர் எந்த வாரம் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்பதை நம்பி எதையும் திட்டம் போட முடியாது. இந்த வீட்டில் அவள் முறுக்கு சுட்டு விற்கிறாள். நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள் என்பதால் அவளுடைய நோட்டும் என்னிடம்தான் வரும். இரண்டு தீபாவளிக்கும் கணக்கு கையில் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள், சரி.

முறுக்குக்கு இங்கே ஆள் தேட வேண்டியதில்லை. 1860இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழிவந்தவர்கள் இன்று பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், ஆனால் முறுக்கு என்றால் முறுக்குதான், கொஞ்சம் சுருக்கி ‘முர்க்கூ’ என்பார்கள். ஆகவே இவளுக்கு ஆர்டர் வராமல் போன கவலை ஒருநாளும் இருந்ததில்லை. வந்த ஆர்டரை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை.

முதலில் 2024 தீபாவளியைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அக்டோபர் 31, வியாழக்கிழமை. அவள் போட்ட கணக்கு இப்படி: இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு வீடு திரும்ப எட்டு மணி, மறுபடி கூப்பிடக் கிளம்ப 11:40, ஆக ஒரு நாளைக்கு மூன்று மணி நாற்பது நிமிஷம், ஐந்து நாளைக்கு 18 மணி நேரம் சொச்சம். ‘18 மணி நேரத்தில் எவ்வளவு சுடலாம் அக்கா, நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டவள், என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடைசி வாரத்துக்கு 64 பாக்கெட் ஒத்துக்கொண்டாள், ஒவ்வொன்றும் கால் கிலோ, மொத்தம் 16 கிலோ முறுக்கு.

திங்கட்கிழமை நன்றாகத்தான் போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை சின்னவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் குழந்தையைக் கிரெச்சில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான். அன்றைய காலை நேரம் போச்சு. புதனும் போச்சு. வேறு வழி இல்லாமல் செவ்வாய் இரவும் புதன் இரவும் பிள்ளைகள் தூங்கியபின் அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். புதன் இரவு பதினொன்று இருக்கும், இவள் அச்சில் மாவை நிரப்பத் திரும்பியபோது பையன் தண்ணீர் குடிக்க எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து அடுப்புக்கு இரண்டடி தள்ளி நிற்கிறான். கடாயில் இரண்டு லிட்டர் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டடியை அவள் இன்னும் கையால் அளந்து காட்டுகிறாள்.

காலையில் கொடுக்க வேண்டும் என்பதால், சுட்டதை ஆறவிடாமல் சூட்டோடு கவரில் போட்டுக் கட்டியிருக்கிறாள். கவருக்குள் ஆவி வேர்த்து, மத்தியானத்துக்குள் முறுக்கு நமுத்துவிட்டது. 11 பாக்கெட்டுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தாள். மீதி 53ஐ வாங்கியவர்களில் எத்தனை பேர் முகத்துக்காகச் சும்மா இருந்தார்களோ தெரியாது. வருமானம் என்று பார்த்தால் அந்த வாரம்தான் அவளுக்கு இதுவரை அதிகம், அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

தை பிறந்தபிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 18 மணி நேரம் என்பது பொய்க் கணக்கு என்று தெரிந்தது, ஆனால் எங்கே பொய் என்று சொல்லக் கொஞ்ச நாள் ஆயிற்று. வீட்டு வேலை நேரத்தைக் கழித்தோம், கடைக்குப் போகும் நேரத்தைக் கழித்தோம், அப்போதும் 12, 13 மணி நேரம் மிஞ்சிக் கண்ணுக்கு ஆசை காட்டியது. அப்புறம்தான் நேரத்தை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். முறுக்குத் தொழிலில் பாதி வேலை, நடுவில் விட்டுவிட்டுத் தொடரக்கூடியது. அரிசி மாவையும் உளுந்து மாவையும் நிறுத்து, சீரகம், ஓமம், உப்பு சேர்த்து டப்பாவில் போட்டு மூடுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, ஆறிய முறுக்கைப் பாக்கெட் போடுவது, மெசேஜுக்குப் பதில் எழுதுவது எல்லாம் அப்படி. குழந்தை அழுதால் எழுந்து போய்விட்டு வரலாம், ஒன்றும் கெடாது. எண்ணெய் காய்ந்தபின் நடக்கும் வேலை அப்படி இல்லை. விட்டுப் போகவும் முடியாது, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது தொடங்கவும் கூடாது. ஆக ஒரு வாரத்தில் எத்தனை பாக்கெட் என்று முடிவு செய்வது அந்த எண்ணெய் நேரம் மட்டும்தான். மற்ற மணி நேரங்களைக் கூட்டிப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

எண்ணெய் நேரம் எவ்வளவு? இதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சின்னவள் வீட்டுக்குள் காலை வைப்பது 12:10. அடுப்பை அணைத்த உடனே எண்ணெய் ஆறிவிடாது. இரண்டு லிட்டர் எண்ணெய், கனமான கடாய், ஒரு மணி நேரம் கழித்தும் விரல் வைத்தால் சுடும். அதனால் 10:45க்கு அடுப்பு அணைய வேண்டும் என்று வைத்தோம், கடாய் பின்பக்க அடுப்புக்கு மாறி மூடி போட்டு நிற்கும், சமையலறை வாசலில் பிள்ளைகளுக்கான தடுப்புக் கதவும் வாங்கி மாட்டினாள். இந்தப் பக்கம் காலையில் எட்டு மணிக்கு வந்து, வீட்டைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மாவு பிசைந்து, 8:45க்குப் பற்றவைத்தால் 9 மணிக்கு எண்ணெய் தயார். 9 முதல் 10:45 வரை, 105 நிமிஷம். ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

பிறகு சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போனில் நேரம் பார்த்தேன். அவள் கடாயில் ஒரு ஈட்டுக்கு ஆறு முறுக்கு. பிழிந்து, போட்டு, திருப்பி, சலசலப்பு அடங்கியதும் எடுத்து, எண்ணெய் மறுபடி சூடேறும் வரை எல்லாம் சேர்த்து ஆறரை நிமிஷம். 105 நிமிஷத்தில் 16 ஈடு. ஒரு ஈடு ஏறத்தாழ 130 கிராம், அப்போ இரண்டு கிலோ சொச்சம், அதாவது எட்டு பாக்கெட். வகுத்துப் பாருங்கள், ஒரு பாக்கெட்டுக்கு 13 நிமிஷ எண்ணெய் நேரம். இந்த 13 என்ற எண் கிடைத்த பிறகுதான் அவளால் இல்லை என்று சொல்ல முடிந்தது. ‘ரெண்டே ரெண்டு பாக்கெட் தானே’ என்று யாராவது கேட்டால், அது 26 நிமிஷம், அன்றைய நேரத்தில் கால்வாசி.

சரி, இன்னொரு அடுப்பு இருக்கிறதே, இரண்டு கடாய் வைக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். வைத்துப் பார்த்தாள். பிழிவது ஒரே கை, அதனால் முதல் கடாயில் போட்டுவிட்டு இரண்டாவதற்குப் பிழிவதற்குள் முதலாவது திருப்பும் பக்குவம் தாண்டிவிடும், போடாமல் காத்திருக்கும் கடாயில் எண்ணெய் புகையத் தொடங்கும். அரை மணி நேரத்தில் நாலு முறுக்கு கருகியது, விட்டுவிட்டாள். பெரிய கடாயும் அதே கதைதான், வேறு காரணம். பன்னிரண்டு முறுக்கை ஒரே நேரத்தில் போட்டதும் எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கிவிடும், வீட்டு கேஸ் அடுப்பு அதை மீட்டெடுக்கத் திணறும். சூடு குறைந்த எண்ணெயில் கிடக்கும் முறுக்கு எண்ணெயைக் குடிக்கும். போட்ட உடனே நுரை பொங்கி எழவில்லை, சத்தம் மந்தமாக இருக்கிறது என்றால் அதுதான் அடையாளம், எடுத்து டிஷ்யூ பேப்பரில் வைத்தால் வட்டமாக எண்ணெய் ஊறும். ஈட்டை இரண்டு மடங்காக்கி நேரத்தையும் இரண்டு மடங்காக்கினால் மிச்சம் என்ன? ஒன்றுமில்லை, எண்ணெய்ச் செலவுதான் கூடும்.

மாவை முன்னாடியே பிசைந்து வைத்து நேரம் சேமிக்கலாமா என்றால் அதுவும் கிடையாது. பிசைந்த மாவு நேரம் ஆக ஆக முறுக்கு சிவந்துபோகும், எண்ணெயும் அதிகம் இழுக்கும். அதனால் முந்தின இரவே உலர்ந்த மாவை 800 கிராம் வீதம் இரண்டு டப்பாவில் நிறுத்து வைத்திருப்பாள், நாலு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு உளுந்து மாவு. காலையில் முதல் டப்பாவை உருக்கிய வெண்ணெயும் தண்ணீரும் விட்டுப் பிசைவாள், இரண்டாவதை எட்டாவது ஈடு எண்ணெயில் இருக்கும்போது பிசைவாள். வாரத்துக்கு ஒரே வகை. ஒரு வாரம் சாதா, மறுவாரம் காரம். காரம் கேட்பவருக்குத் தனியாக ஒரு கால் கிலோ போட்டுக்கொடுத்தால் மாவு, அச்சு கழுவல் என்று கால் மணி நேரம் பறந்துவிடும், அதாவது ஒரு பாக்கெட்டை விற்க இன்னொரு பாக்கெட்டை இழப்பது.

அப்போ வாரத்துக்கு எத்தனை? ஐந்து நாளும் சுட்டால் 40. இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டையே. அவள் நாலு நாளாவது சுடுவேன் என்றாள். நான் பழைய நோட்டைப் புரட்டி, எத்தனை வாரம் ஐந்து காலையும் முழுசாகக் கிடைத்தது என்று பார் என்றேன். மூக்கொழுக்கு, தடுப்பூசி, பள்ளிக்கூட மீட்டிங், ஏதாவது ஒன்று ஒரு நாளைச் சாப்பிட்டிருந்தது. நல்ல வாரத்தை வைத்து ஆர்டர் எடுத்தால் சாதாரண வாரமே அவசர வாரமாகிவிடும். கடைசியில் திங்கள், செவ்வாய், புதன் சுடுவது, வியாழன் சும்மா இருப்பது, வெள்ளிக்கிழமை ஆர்டர் எடுத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வியாழன் சும்மா என்றால் நிஜமாகவே சும்மா. முதல் மூன்றில் ஒன்று போனால் அதற்கு மாற்று, எதுவும் போகவில்லை என்றால் அவள் தூங்கலாம், நான் தடுக்கவில்லை. மூன்று நாளுக்கு எட்டு வீதம் 24, உடைசலும் கருகலும் நாளுக்கு ஒரு பாக்கெட் என்று கழித்தால் 21. வெளியே சொல்லும் எண் 20.

அந்த இருபதைக் காப்பது ஒரு காகிதம். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய ஏ4 தாள், அதில் ஸ்கேல் வைத்து வரைந்த 20 கட்டம். ஆர்டர் உறுதியானதும் கட்டத்தில் பெயர். கட்டம் தீர்ந்தால் வாரம் தீர்ந்தது. போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றேன், போனில் இருபத்தொன்றாவது வரி எழுதுவது சுலபம் அக்கா, தாளில் இடம் இருக்காது என்றாள். அது சரியாகத்தான் பட்டது. மெசேஜுக்குப் பதில் இரவு 8:15 முதல் 8:45 வரை மட்டும், பகலில் வருபவர்களுக்குத் தானாகப் போகும் பதிலில் இதையும், ஞாயிறு இரவோடு ஆர்டர் மூடும் என்பதையும், வெள்ளிக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை கேட்டில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறாள். டெலிவரி கிடையாது. இதனால் நாலைந்து பேர் விலகினார்கள், அவ்வளவுதான்.

பாக்கெட் போடுவதற்கும் ஒரு நேரம் உண்டு. டர்பன் காற்றில் ஈரம் அதிகம். சுட்ட முறுக்கு தட்டில் பரவி முழுசாக ஆற வேண்டும், ஆனால் ஆறியபின் திறந்து வைத்தாலும் நமுத்துப்போகும். கடைசி ஈடு 10:45க்கு எடுத்தால் 11:35க்குள் எல்லாம் இறுக மூடும் டின்னுக்குள் போய்விடும், பிறகுதான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள். பாக்கெட் போடுவது இரவில், டின்னிலிருந்து நேராகக் கவருக்கு, நிறுத்து, சீல் வைத்து.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட் 50 ராண்ட். மாவு, வெண்ணெய், எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்த்து 19 ராண்ட் ஆகிறது. மீதி 31, இருபது பாக்கெட்டுக்கு 620 ராண்ட். காலை வேலை, இரவு பாக்கெட், மெசேஜ், வெள்ளிக்கிழமை எல்லாம் கூட்டினால் வாரத்துக்கு 12 மணி நேரம், ஆக மணிக்கு 51, 52 ராண்ட். 2025 மார்ச்சில் இந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆக்கப்பட்டது, அதோடு பார்த்தால் மோசமில்லை. கிரெச் கட்டணத்தை இதில் கழிக்கவில்லை, அது வீட்டுச் செலவு என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, பாதியாவது இந்தக் கணக்கில் வர வேண்டும். இன்னும் முடியாத வாக்குவாதம் இது. சாப்பாட்டுப் பொருள் விற்பதால் 2018ஆம் வருஷத்து ஆர்638 விதிப்படி நகராட்சியின் சுகாதார அதிகாரியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், வீட்டுச் சமையலறைக்கும் அது பொருந்தும், அதையும் வாங்கியிருக்கிறாள்.

இப்போது 2025 தீபாவளி. அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஆகஸ்டிலேயே பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம், வைத்ததும் வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் பருவம் அக்டோபர் 3இல் முடிகிறது, நாலாம் பருவம் 13இல் தொடங்குகிறது. அதாவது தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் ஒரு வாரம் பள்ளி கிடையாது, அவளுடைய கிரெச்சும் அதே லீவுதான். ஆர்டர் குவியும் நேரத்தில் எண்ணெய் நேரம் பூஜ்யம். செப்டம்பர் கடைசி வாரத்திலேயே சுட்டு வைக்கலாம் என்று தோன்றும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆன முறுக்கை அவள் விற்பதில்லை, இந்த ஊர் ஈரத்துக்கு அது சரியான எல்லை. ஆக 29ஆம் தேதி வாரம் உதவாது.

மிஞ்சியது 13ஆம் தேதி வாரம் மட்டும், அதாவது மூன்று நாள். அதற்கு மேல் வேண்டுமானால் காலை நேரத்தை எங்கிருந்தாவது வாங்க வேண்டும். வீட்டுக்காரர் 9, 10 தேதிகளில் லீவு போட்டு, இரண்டு பிள்ளைகளையும் காலை எட்டரைக்குக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் மத்தியானம்தான் திரும்புவது என்று பேச்சு. ‘வீட்டிலேயே பார்த்துக்கறேனே’ என்று அவர் சொன்னதற்கு, ‘நீங்க பார்த்துக்குவீங்க, அவங்க என்னைப் பார்க்க வருவாங்க’ என்றாள். ஐந்து நாள், 40 பாக்கெட், உடைசல் போக 35. வியாழன் 16 வழக்கம் போலச் சும்மா. ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் நாலு. விலையை ஏற்றச் சொன்னேன், கேட்கவில்லை.

அறிவித்து, செப்டம்பர் 26க்குள் 35 கட்டமும் நிரம்பிவிட்டது. புரட்டாசி வேறு, ‘உங்க அடுப்படியில இப்போ கவிச்சி இல்லையே’ என்று கேட்டுக்கேட்டு வாங்கினார்கள், அவள் வீட்டிலும் அந்த மாதம் கிடையாது. பிறகு வந்தவர்களிடம் இல்லை என்றாள். ஒரு பாட்டி மட்டும் கேட்டிலேயே நின்று, ‘எனக்கு ஒண்ணு கூடவாம்மா இல்லை’ என்றார். இவள் உள்ளே போய், தன் வீட்டுக்கென்று வைத்திருந்த உடைசல் டப்பாவைக் கொண்டுவந்து சும்மாவே கொடுத்துவிட்டாள். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

14ஆம் தேதி செவ்வாய், ஒன்பதேகால் மணிக்குக் கிரெச்சிலிருந்து போன். சின்னவளுக்குக் கண் சிவந்து பீளை கட்டுகிறது, வந்து கூட்டிப் போங்கள் என்று. எண்ணெயில் இரண்டாவது ஈடு. எடுத்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள், பிசைந்த மாவு வீண். நான் சாயங்காலம் போனபோது போன வருஷம் போலத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன், குழந்தைக்குக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். புதன் காலை வீட்டுக்காரருக்கு இரவு ஷிஃப்ட் முடிந்து தூக்கம், அதனால் என் வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டேன். வியாழன் கிரெச் மறுபடி சேர்த்துக்கொண்டது, சும்மா இருக்க வேண்டிய நாள் செவ்வாயின் இடத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை 34 பாக்கெட் கேட்டில் கைமாறியது, ஒன்று குறைந்தது, நாலு வாங்கிய ஒருவர் மூன்றோடு பரவாயில்லை என்றார். இரவில் அடுப்பு ஒரு தடவையும் எரியவில்லை.

புதன்கிழமை நான் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு எண்ணிப் பார்த்தோம். 27 பாக்கெட்டோடு நின்றிருக்கும், சனிக்கிழமை வீட்டுக்காரர் இருந்ததால் ஒருவேளை சரிக்கட்டியிருக்கலாம். ஒரு நாள் போனால் தாங்கும், இரண்டு நாள் போனால் தாங்காது, அவ்வளவுதான் இந்த ஏற்பாட்டின் பலம். அதனால் அடுத்த தீபாவளிக்கு 35ஐ 30 ஆக்கலாமா என்று இப்போதே பேச்சு வந்திருக்கிறது.

டிசம்பர் 10இல் பள்ளி மூடியதும் கடையையும் மூடிவிட்டாள், ஜனவரி 14 வரை ஒரு பாக்கெட்டும் இல்லை, அந்த ஐந்து வாரத்தில் சிலர் வேறு ஆளிடம் பழகிவிடுவார்கள், தெரிந்தேதான் மூடினாள். பையன் இனி ஒன்றாம் வகுப்பு, முன்னைவிடத் தாமதமாகத்தான் விடுவார்கள். ‘அப்போ நேரம் கூடுமே அக்கா, 25 எடுக்கலாமா’ என்றாள். சின்னவளை எத்தனை மணிக்குக் கூப்பிடப் போகிறாய் என்று கேட்டேன். பன்னிரண்டுதான் என்றாள். தாளில் மறுபடி இருபது கட்டம்தான் வரைந்திருக்கிறாள்.